கட்டணம் தேர்வுக்குப் பிறகு

எங்கள் சந்தைக்குக் கடை போட ஆள் அழைக்கும் அறிவிப்பை எப்போதும் நான்தான் எழுதுவேன். போஸ்டரைக் கூட்டாளி பார்த்துக்கொள்வாள். அவள் தையல்கடை வைத்திருப்பவள், எம்.காம் படித்தவள், போனிலேயே படம் வைத்து எழுத்து வைத்து அரை மணி நேரத்தில் முடித்துவிடுவாள். ஆனால் படத்துக்குக் கீழே வரும் கேப்ஷனை அவளிடம் விட்டால், “வந்தாச்சு நம்ம சந்தை, ஓடி வாங்க” என்று எழுதி நாலு பூப்படம் போட்டு நிறுத்திவிடுவாள். எனக்கு அது போதாது. காற்றில் பந்தல் துணி பறந்தால் என்ன செய்வது? ஒரு கடையை வாங்கிக்கொண்டு மூன்று பேர் வந்து உட்கார்ந்தால்? கடைசி நாளில் ஒருவர் வரவில்லை என்றால் அவர் பணம் என்ன ஆகும்? இதையெல்லாம் யோசிக்காமல் ஒரு வரி எழுத என் கை வராது.

நான் ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. பஸ் வருமா என்று கவலை, வந்துவிட்டால் இடம் இருக்குமா என்று கவலை. வீட்டில் இதற்காகக் கேலிதான். ஆனால் சந்தை நடத்த ஆரம்பித்த பிறகு ஒன்று புரிந்தது. விதி எழுதும் வேலைக்குக் கவலைப்படுகிறவளைப் போல ஆள் கிடைக்காது. நடக்கக்கூடிய அத்தனை வம்பும் எனக்கு முன்கூட்டியே தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வைத்துவிடுவேன். தைரியசாலிகளுக்கு இது வராது.

சந்தை தஞ்சாவூரில், ஒரு கல்யாண மண்டபத்தின் பக்கவாட்டு மைதானத்தில் நடக்கும். கல்யாணம் இல்லாத நாளில்தான் மைதானம் கிடைக்கும் என்பதால் எங்களுக்கு ஆடியும் மார்கழியும்தான் சீசன். மற்றவர்கள் முகூர்த்தம் பார்த்துத் தேதி வைப்பார்கள். நாங்கள் முகூர்த்தம் இல்லாததைப் பார்த்து வைப்போம். நான் சொல்லப்போவது ஒரு ஆடிச் சந்தைக்காக ஆனி மாதத்தில் போட்ட அறிவிப்பைப் பற்றி.

அதற்கு முந்தைய சந்தைக்குக் கேப்ஷன் போட்டபோது கீழே கமெண்டில் எல்லோரும் கேட்டது இரண்டே கேள்வி. “ஃபீஸ் எவ்ளோ?” “நம்பர் ப்ளீஸ்.” இரண்டும் கேப்ஷனில் இருந்தன, கடைசியில். யாரும் அதுவரை இறங்கிப் படிக்கவில்லை. பதில் சொல்லிச் சொல்லி என் கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

“அக்கா, இந்தத் தடவ அது ரெண்டையும் மேல தூக்கிப் போடுங்க,” என்றாள் கூட்டாளி. “முதல் ரெண்டு வரிதான் தெரியும். மிச்சத்தை ‘மேலும்’னு அழுத்தினாத்தான் காட்டும். யாரு அழுத்துறா?”

சரியான யோசனையாகத்தான் பட்டது. மேலே தூக்கிப் போட்டேன். கேப்ஷன் இப்படி ஆரம்பித்தது:

“ஆடிச் சந்தை, தஞ்சாவூர். சனி, ஞாயிறு இரண்டு நாள். கடைக் கட்டணம் இரண்டு நாளுக்கும் சேர்த்து ரூ.2,500. தொடர்புக்கு,” என்று என் போன் நம்பர்.

அதற்குக் கீழே விதிகள். கடை ஆறடிக்கு ஆறடி, மேசை ஒன்று, நாற்காலி இரண்டு, பல்பு ஒன்று எங்கள் பொறுப்பு. விரிப்புத் துணியும் அதைக் கட்டக் கயிறும் நீங்கள் கொண்டு வரவேண்டும், ஆடிக் காற்றை நினைவில் வைத்துக்கொள்ளவும். நீங்களே விளைவித்ததோ, நீங்களே செய்ததோதான் விற்கலாம்; வாங்கி விற்பவர்களுக்கு இடமில்லை. ஒரு கடையைப் பங்கு போடக் கூடாது. உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வேண்டும். ஒரே வகைப் பொருளுக்கு அதிகபட்சம் மூன்று கடை. விண்ணப்பம் எங்கள் பக்கத்தின் முகப்பில் இருக்கும் லிங்கில். முன்னால் கடை போட்டவர்களும் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் வந்தவருக்கு முதலில் என்பது கிடையாது; சாம்பிள் பார்த்துத் தேர்வு. தேர்வானவர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வரும். அதன் பிறகே கட்டணம். செய்தி வந்து இரண்டு நாளுக்குள் கட்டாவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும்.

எழுதி முடித்து மூன்று தரம் வாய்விட்டுப் படித்தேன். ஒரு ஓட்டை இல்லை. மதியம் போஸ்ட் போட்டோம். அதே எழுத்தை வாட்ஸ்அப் குரூப்களுக்கும் அனுப்பினோம். நான் அரிசி களையப் போனேன்.

உலை கொதிப்பதற்குள் போன் ‘டிங்’ என்றது. யாரோ இரண்டாயிரத்து ஐந்நூறு அனுப்பியிருந்தார்கள். தவறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். திரும்ப ஒரு ‘டிங்’. சோற்றை வடிப்பதற்குள் இன்னும் மூன்று. சாயங்காலம் கூட்டாளியின் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினெட்டு பத்தொன்பது பேர் முழுக் கட்டணத்தையும் போட்டுவிட்டிருந்தார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் விண்ணப்பமே நிரப்பவில்லை. பேர் கூடத் தெரியாது. பணம் வந்த கணக்கில் இருக்கும் பேர்தான்.

நடந்தது இதுதான். முதல் இரண்டு வரியில் தேதி இருந்தது, தொகை இருந்தது, ஒரு போன் நம்பர் இருந்தது. நம்பர் இருந்தால் அதற்குப் பணம் அனுப்பலாம், பணம் அனுப்பினால் இடம் உறுதி. எங்கள் ஊர்ப்பக்கம் இதைவிடச் சுருக்கமாக ஒரு காரியத்தை யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். அறுப்பு மெஷினுக்குச் சொல்லி வைப்பதும் அப்படித்தான், மேளத்துக்குச் சொல்லி வைப்பதும் அப்படித்தான், நெல்லுக்கு விலை பேசுவதும் அப்படித்தான். அச்சாரம் கொடுத்தாயிற்று என்றால் பேச்சு முடிந்தது. என் விதிகள் அத்தனையும் ‘மேலும்’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் போர்த்திக்கொண்டு தூங்கின.

கூட்டாளி பதறவில்லை. தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

“இதுல என்னக்கா? நல்லதாப் போச்சு. நமக்கு வேணுங்கிறது இருபத்தி நாலு கடை. பணம் கட்டினவங்களுக்கே கொடுத்துட்டு மிச்சம் அஞ்சாறு கடைக்கு ஆள் பாத்தா வேலை முடிஞ்சிது. சாம்பிள், தேர்வு ஒண்ணும் வேணாம்.”

“கட்டினவங்க என்ன விக்கிறாங்கன்னே தெரியாதே?”

“வந்தாத் தெரிஞ்சிட்டுப் போவுது.”

லோடு ஆட்டோவைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு என்னைக் கூட்டிப்போக வந்த என் வீட்டுக்காரர் இதைக் கேட்டு வாசலிலேயே சிரித்தார். “ஊருல காசு வரலியேன்னு கவலப்படுவான். காசு வந்துருச்சேன்னு கவலப்படுற ஒரே ஆளு எங்க வீட்டுலதான் இருக்கு.”

நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு குரல் செய்தி வந்தது. கடற்கரைப் பக்கத்துக்காரப் பெண். வீட்டில் மீன்பிடித் தொழில். இவர் நெத்திலிக் கருவாட்டுப் பொடி செய்து விற்கிறவர். பின்னால் அலை சத்தமோ காற்றோ இரைந்துகொண்டிருந்தது.

“அக்கா, வணக்கங்க்கா. விண்ணப்பம் போட்டுட்டேன். கீழ வரைக்கும் படிச்சேன், தேர்வு ஆனப்பறம்தான் கட்டணும்னு போட்டுருக்கீங்க. அதான் பணம் அனுப்பல. ஆனா எங்க குரூப்புல எல்லாரும் அனுப்பிட்டாங்களாம். நான் அனுப்பாததுனால இடம் போயிடுமாக்கா? நீங்க எழுதுனதத்தான் நம்பி இருக்கேன்.”

நான் அதை ஸ்பீக்கரில் போட்டேன். கூட்டாளி மெஷினை நிறுத்தினாள்.

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. கடைசி வரை படித்து, எழுதியதை நம்பி, பணம் அனுப்பாமல் காத்திருந்தவர்கள் முப்பது பேருக்கு மேல். படிக்காமல் பணம் போட்டவர்களுக்குக் கடையைக் கொடுத்தால், படித்தவர்கள் ஏமாந்தவர்கள் ஆவார்கள். அடுத்த தடவை நான் எவ்வளவு விதி எழுதினாலும் யாரும் படிக்கப் போவதில்லை. பணத்தை முந்தி அனுப்புவார்கள், அவ்வளவுதான். எங்கள் சந்தையிடம் இருந்தது மைதானமோ பல்போ இல்லை. அதெல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். நாங்கள் எழுதினால் அதன்படி நடக்கும் என்ற பேர் ஒன்றுதான் எங்கள் சொத்து. அது போனால் சந்தை போனது.

“எல்லாப் பணத்தையும் இன்னைக்கே திருப்பி அனுப்புறோம்,” என்றேன்.

“அக்கா, சண்டைக்கு வருவாங்க.”

“வரட்டும்.”

நான் இவ்வளவு திடமாகப் பேசியதைக் கேட்டு என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

முதலில் கேப்ஷனைத் திருத்தினோம். போன் நம்பரை எடுத்துவிட்டு, “கட்டணம் இப்போது அனுப்ப வேண்டாம். தேர்வான பிறகே” என்பதை முதல் வரியாக்கினோம். போஸ்ட்டைத் திருத்தலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் போனது போனதுதான். அனுப்பிய கொஞ்ச நேரத்துக்குள் திருத்தினால் உண்டு. அது எப்போதோ தாண்டிவிட்டது. அதற்குள் எத்தனை குரூப்புக்கு யார் யார் தள்ளிவிட்டார்களோ. அந்தப் பழைய எழுத்தைப் பார்த்து அடுத்த வாரம் வரை பணம் வந்துகொண்டேயிருந்தது. ஒவ்வொரு ‘டிங்’குக்கும் உடனே திருப்பி அனுப்பி, ஒரு போனும் போட்டேன். அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் தங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைப்பார்களே.

பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஒரு பெண், “அப்பாடா, புருஷனுக்குத் தெரியாம போட்டுட்டேங்க்கா, திரும்பி வந்தது நல்லதாப் போச்சு” என்றார். ஒருத்தர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

வலங்கைமான் பக்கத்து விவசாயி. அறுபது வயது இருக்கும். மரபு நெல் பயிரிட்டு அரிசியாக்கி விற்கிறவர். நான் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அதே பணம் என்னிடம் வந்தது. திரும்ப அனுப்பினேன். திரும்ப வந்தது. மூன்றாவது தடவை அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

“அண்ணே, தேர்வு ஆனப்பறம் கட்டுனாப் போதும்ணே.”

“அச்சாரம் வாங்கிட்டீங்க. அப்புறம் என்னம்மா தேர்வு? பொண்ணு பாக்கப் போறோமா?” வைத்துவிட்டார். பணம் மறுபடி வந்தது.

என் வீட்டுக்காரர் இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். “பந்து வெளாடுறாங்க ரெண்டு பேரும். நடுவுல பேங்க்காரன்தான் பாவம்.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பணம் என் கணக்கில் இருக்கும்வரை, அவர் கணக்கில் கடை அவருடையது. பத்துப் பேரிடம் சொல்லியும் இருப்பார். தேர்வு நாளில் அவர் வராமல், சந்தை நாளில் மூட்டையோடு வந்து இறங்கினால்? எனக்கு அந்தக் காட்சி நன்றாகத் தெரிந்தது, மூட்டை எந்த நிறம் என்பது உட்பட.

ஏடிஎம்மில் பணத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் கிளம்பினேன். வலங்கைமானில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். வீட்டு வாசலில் அரிசிச் சிப்பங்கள் அடுக்கியிருந்தன. அவர் கைலியைக் கட்டிக்கொண்டு, ஒரு சிப்பத்தின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் ஊசியைச் சாக்கிலேயே குத்திவிட்டு எழுந்தார்.

“வாங்கம்மா. பணத்தோட வந்திருந்தீங்கன்னா அப்படியே திரும்பிடுங்க. மோர் குடிக்கிறதா இருந்தா உள்ள வாங்க.”

“மோர் குடிக்கிறேண்ணே. பணத்தோடயும்தான் வந்திருக்கேன்.”

அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்த சத்தம் கேட்டது. மோர் வந்தது. நான் போனை எடுத்துக் கேப்ஷனை அவருக்குக் காட்டினேன். அவர் தன் போனை எடுத்து, அவருக்கு வந்த பழைய செய்தியைக் காட்டினார். தேதி, தொகை, நம்பர், அதற்குக் கீழே ‘மேலும் வாசிக்க.’

“இதுல தேர்வுன்னு எங்கம்மா இருக்கு?”

“அந்த மேலும்ங்கிறத அழுத்துங்கண்ணே.”

அழுத்தினார். விதிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். கயிறு கொண்டு வரவேண்டும் என்ற இடத்தில் தலையை ஆட்டினார். “அதன் பிறகே கட்டணம்” என்ற இடம் வந்ததும் போனைக் கீழே வைத்தார்.

“சரி, எழுதித்தான் இருக்கீங்க. ஆனா வாங்கிட்டீங்களே. எங்க பக்கத்துல ஒருத்தன் கொடுத்த அச்சாரத்தத் திருப்பிக் கொடுத்தா என்ன அர்த்தம் தெரியுமா? ஆளு சரியில்ல, வேணாம்னு அர்த்தம். நான் கடை போடுறேன்னு சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லியாச்சு. இப்ப போயி பணத்தத் திருப்பிட்டாங்கன்னு சொல்லவா?”

இதற்கு நான் பஸ்ஸிலேயே ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். பஸ்ஸில் வேறு எதுவும் யோசிக்கவில்லை.

“அண்ணே, அறுப்பு மெஷின்காரரு ஒரே நாளைக்குப் பத்துப் பேருகிட்ட அச்சாரம் வாங்கிட்டாருன்னு வைங்க. என்ன பண்ணுவீங்க?”

“செருப்பால அடிப்பேன்.”

“அதுக்குத்தாண்ணே முந்திக்கிட்டு வந்திருக்கேன். அரிசிக்கு எங்ககிட்ட மூணு கடைதான். பதினோரு பேரு கேட்டிருக்கீங்க. கொற உங்ககிட்ட இல்ல. இது நான் இன்னும் வாங்கக் கூடாத காசு.”

 அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “பதினோரு பேரா? எல்லாப் பயலும் மாப்பிள்ளைச் சம்பாவா?”

“ஏழு பேரு மாப்பிள்ளைச் சம்பா. மிச்சம் கருப்புக் கவுனி.”

“கெட்டுது போ.”

“வாங்கிக்கங்களேன்,” என்றார் அவர் மனைவி. “வெயில்ல பஸ்ஸு ஏறி வந்திருக்கு அந்தப் பொண்ணு. இன்னும் எத்தன தடவதான் அந்தப் போன்லயே பணத்தத் தள்ளிக்கிட்டு இருப்பீங்க?”

“கையில வாங்க மாட்டேன்.”

அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாளுக்குத் தெரிந்தது. உள்ளே போய் ஒரு தட்டில் இரண்டு வெற்றிலையும் பாக்கும் வைத்துக் கொண்டுவந்து எனக்கு முன்னால் நீட்டினார். நான் பணத்தை அதில் வைத்தேன். அந்த அம்மாளே தட்டிலிருந்து பணத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, வெற்றிலை பாக்கை எனக்குக் கொடுத்தார். இப்போது நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவள் இல்லை. அந்த வீட்டுக்கு வந்து தாம்பூலம் வாங்கிக்கொண்டு போகிறவள். சம்பந்தி வீட்டில் எப்படிச் சொல்வதென்று அண்ணனுக்கு வழி கிடைத்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

“சாம்பிள் என்னைக்கு?” என்றார்.

“வர்ற ஞாயித்துக்கிழம. ஒரு கிலோ அரிசி, கொஞ்சம் சோறு. எல்லாருக்கும் அதேதான்.”

தேர்வு, கூட்டாளியின் தையல்கடை மாடியில் நடந்தது. பார்ப்பவர்கள் மூன்று பேர்: நான், கூட்டாளி, கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் ஒரு அம்மாள். எங்களில் யாருக்காவது வேண்டியவர்கள் வந்தால், அந்தப் பொருளுக்கு அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று விதி. கூட்டாளியின் நாத்தனார் ஜாக்கெட் எம்பிராய்டரியோடு வந்தபோது கூட்டாளி எழுந்து மொட்டை மாடியில் போய் நின்றாள். சமையல் அம்மாளோ யாருக்கும் வேண்டியவர் இல்லை, அதற்காகவே அவரை வைத்திருந்தோம். ருசி பார்க்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது.

வலங்கைமான் அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். ஐந்து ரகம் அரிசி, அழகான துணிப் பையில், எடையும் பேக் செய்த தேதியும் பதிவு எண்ணும் எழுதி. அரிசியில் குருணை இல்லை, கல் இல்லை. சோறு கூடப் பதமாக இருந்தது. அவர் முறை வரும்வரை சும்மா இருக்கவில்லை, மற்ற அரிசிக்காரர்களின் டப்பாவைத் திறந்து ஒவ்வொரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்து, “இது நாலு மணி நேரம் ஊறினது. இது ஊறவேயில்ல” என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் சோற்றை மட்டும் இரண்டாவது வாயும் எடுத்தார்.

எல்லா அரிசிக்காரர்களிடமும் கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்டேன். “அண்ணே, இதுல எதெது உங்க வயல்ல வெளஞ்சது?”

அவர் பைகளைப் பார்த்தார்.  ஐந்தும் என்னுடையது என்று சொன்னால் சோதிக்க எங்களிடம் ஒரு வழியும் இல்லை. சொல்லிவிட்டால் அவருக்குக் கடை உறுதி, அந்த அளவுக்கு நன்றாக இருந்தது அரிசி.

“இந்த ரெண்டும் என்னது. அந்த மூணும் மச்சான் வயலு,” என்றார். பிறகு, “மச்சான் வயலும் என் வயலும் ஒண்ணுதாம்மா. ஒரே வாய்க்காத் தண்ணி.”

“வாய்க்கா ஒண்ணுதாண்ணே. பயிரு வெச்சது யாரு?”

“அவன்தான்,” என்று சொல்லிவிட்டு அந்த மூன்று பைகளையும் தானே எடுத்துக் கீழே வைத்தார்.

அவர் படியிறங்கிப் போனதும் சமையல் அம்மாள் முதல் தடவையாக வாயைத் திறந்தார். “அஞ்சும் என்னதுன்னு சொல்லியிருந்தா நமக்கு என்னடியம்மா தெரியும்?”

மதிப்பெண் போட்டோம். இரண்டு ரகம் மட்டும் கணக்கில் வந்ததால் அவர் நாலாவது இடத்துக்குப் போனார். கூட்டாளி பேனாவைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “அக்கா, உண்மைய சொன்னதுக்கு ஒரு மார்க்கு போட்டா என்ன?”

“அப்படி ஒரு விதி எழுதலியே.”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் போட ஆசைதான். ஆனால் ஒருவருக்கு ஒரு மார்க்கு கூட்டினால், மூன்றாவது இடத்தில் இருக்கும் பெண்ணுக்குக் கடை போய்விடும். அவரும் பணம் அனுப்பாமல் கேப்ஷனை நம்பிக் காத்திருந்தவர்தான். நான் தாளைக் கூட்டாளியிடம் தள்ளினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். சமையல் அம்மாளும் போட்டார்.

செய்தியை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினோம். தேர்வானவர்களுக்கு ஒன்று, ஆகாதவர்களுக்கு ஒன்று, காத்திருப்போருக்கு ஒன்று. கருவாட்டுப் பொடிக்காரப் பெண்ணுக்குக் கடை கிடைத்திருந்தது. அவர் பணத்தை அனுப்பிவிட்டு, “இப்ப அனுப்பலாம்லக்கா?” என்று கேட்டிருந்தார். அடுத்த ‘டிங்’ வருவதற்குள் வலங்கைமான் நம்பரிலிருந்து போன்.

 எடுத்தேன்.

“காத்திருப்புல மொத ஆளுன்னு வந்திருக்கு. அப்படின்னா என்னம்மா?”

“மூணு பேருல யாராவது ரெண்டு நாளுக்குள்ள கட்டலைன்னா, அந்த எடம் உங்களுக்குண்ணே.”

“யாரு அந்த மூணு பேரு?”

பட்டியலை எப்படியும் பக்கத்தில் போடப்போகிறோம், சொன்னேன்.

“திருக்காட்டுப்பள்ளிப் பொண்ணு வந்துருச்சா? வரணும். அந்தச் சோறு நல்லாருந்துச்சு.” பிறகு கேட்டார்: “அப்ப நான் இப்ப என்ன பண்றது? அவங்க கட்டணும்னு வேண்டிக்கிறதா, கட்டக் கூடாதுன்னு வேண்டிக்கிறதா?”

“ஒண்ணும் வேண்டிக்காதீங்கண்ணே. பணம் மட்டும் அனுப்பிடாதீங்க.”

அவர் சிரித்தது போனைத் தாண்டிக் கேட்டது. பக்கத்தில் மனைவியிடம், “பணம் அனுப்பாதேங்குது” என்று சொல்லிவிட்டு இன்னும் சிரித்தார்.

மூன்று பேரும் மறுநாளே கட்டிவிட்டார்கள். அதை அவருக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. செய்தி அனுப்பினால் போதும்தான். ஆனால் போன் செய்தேன். வயலில் இருந்தார் போல, டிராக்டர் சத்தம் கேட்டது. இடம் இல்லை என்றேன். 

“மார்கழியில மறுபடி போடுவீங்கல்ல?”

“போடுவோம்ணே. புதுசா விண்ணப்பம் போடணும்.”

“தெரியும், படிச்சேன். ரெண்டு ரகம் மட்டும் கொண்டாந்தாப் போதுமா? இல்ல, மச்சானத் தனியா ஒரு விண்ணப்பம் போடச் சொல்லவா?”

ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு விண்ணப்பம் வந்தால் என்ன செய்வது என்று நான் எழுதி வைத்திருக்கவில்லை. இதை எப்படி விட்டேன் என்று ஒரு நிமிடம் எனக்கே என் மேல் கோபம் வந்தது.

“தாராளமாப் போடச் சொல்லுங்கண்ணே,” என்றேன். “ஆனா அவரு அவரோட அரிசியோட வரணும். உங்க பையில இல்ல.”